வளைகோடு எண்ணாத கூட்டம்

விசாரணைக் குழுவில் உட்காரப் போன அன்று காலையில், தான் பார்க்கப்போவது ஏமாற்றுக்காரர்களை என்பதில் அஃப்ராவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் அவள். தேர்வு மேற்பார்வைக்குப் போய்ப் போய், முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டைக் கைக்குள் எழுதியிருப்பதையும், கால்குலேட்டர் மூடிக்குள் ஒட்டியிருப்பதையும் கண்டுபிடித்துப் பழகியவள். பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிட்டு, "நுழைவுத் தேர்வில் முறைகேடு செய்தவர்களை விசாரிக்க வெளியிலிருந்து ஒரு புள்ளியியல் ஆள் வேண்டும்" என்றபோது உடனே சம்மதித்துவிட்டாள்.

தி. நகரில், வெங்கட்நாராயணா சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நகர அலுவலகம் இருந்தது. முதல் மாடியில் ஒரு நீள அறை. குழுவின் தலைவர் அனந்தராமன், ஓய்வுபெற்ற பதிவாளர்; வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, பேச்சில் அவசரமே கிடையாது. அவருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு குருபிரசாத். பெருங்குடியில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர். தேர்வைக் கண்காணித்த மென்பொருளை உண்டாக்கிய குழுவுக்கு அவன்தான் தலைமை.

தேர்வு வீட்டிலிருந்தபடியே எழுதுகிற தேர்வு. நாற்பதாயிரம் பேர் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் கணினியின் கேமராவே பார்த்துக்கொண்டிருந்தது. கண் எங்கே போகிறது, தலை எத்தனை முறை திரும்புகிறது, அறையில் வேறு குரல் கேட்கிறதா என்றெல்லாம் கவனித்து, ஒவ்வொருவருக்கும் அந்த மென்பொருள் ஒரு மதிப்பெண் போட்டது. பூஜ்யத்திலிருந்து நூறு வரை. ஒரு வரம்புக்கு மேலே போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.

அவர்கள் எல்லாருக்கும் கைப்பேசியில் செய்தி போயிருந்தது. தவறை ஒத்துக்கொண்டால் இந்த வருடத் தேர்வு மட்டும் ரத்து. ஒத்துக்கொள்ளாமல் விசாரணைக்கு வந்து, குற்றம் உறுதியானால் மூன்று வருடம் தடை.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேடத்துக்கு அந்தப் படத்தைக் காட்டிடுப்பா" என்றார் அனந்தராமன்.

குருபிரசாத் சுவரில் படத்தைப் போட்டான். அஃப்ராவுக்கு அது வகுப்பில் நூறு தடவை வரைந்த படம். ஆர்.ஓ.சி. வளைகோடு. படுக்கை அச்சில், நேர்மையானவர்களில் எத்தனை சதவீதம் பேரைத் தவறாகப் பிடிக்கிறோம் என்பது. நிற்கும் அச்சில், திருடர்களில் எத்தனை சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறோம் என்பது. வரம்பை மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு புள்ளி விழும். புள்ளிகளைச் சேர்த்தால் வளைகோடு. காசு சுண்டிப் போட்டுத் தீர்ப்புச் சொன்னால் அது மூலைக்கு மூலை ஒரு நேர்கோடாக, கீழே பாதிப் பரப்போடு நிற்கும். நல்ல கருவியாக இருந்தால் இடது மேல் மூலையை நோக்கி எம்பும். இந்தக் கோடு அந்த மூலையைத் தொட்டுவிடும் போல எம்பியிருந்தது.

"கீழே இருக்கற பரப்பு பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு மேடம்" என்றான் குருபிரசாத். "நாங்க வச்சிருக்கற வரம்புல, திருடினவங்கள்ல தொண்ணூறு சதவீதம் பேர் மாட்டுவாங்க. நேர்மையானவங்கள்ல வெறும் அஞ்சு சதவீதம்தான் தப்பா வரும்."

"அதாவது நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரி" என்று அனந்தராமன் அதைச் சுருக்கினார்.

அப்படி இல்லையே என்று ஏதோ ஒன்று அஃப்ராவின் மனதில் லேசாக இடறியது. ஆனால் கோடு அழகாக இருந்தது. அவள் பார்த்த எத்தனையோ வளைகோடுகளில் இத்தனை நல்ல கோடு குறைவு. அதற்குள் குருபிரசாத் வேறொன்றும் சொன்னான்.

"அதுக்கு மேல மேடம், அறுநூறு பேருக்கு மேல அவங்களாவே ஒத்துக்கிட்டாங்க. இணையத்துல போய் 'ஒப்புக்கொள்கிறேன்'னு அழுத்திட்டாங்க. இதை விட என்ன சாட்சி வேணும்?"

அந்தப் பேச்சு அவளுடைய இடறலை அமுக்கிவிட்டது. செய்யாததை யார் ஒத்துக்கொள்வார்கள்?

விசாரணை ஆரம்பித்தது. முதலில் வந்த பையன் திக்கித் திக்கிப் பேசினான். அவன் அறையில் இன்னொரு குரல் கேட்டதாக மென்பொருள் சொன்னது. அடுத்த அறையில் அம்மா கறிகாய்க்காரரிடம் பேசியது என்றான் அவன். அடுத்து வந்த பெண்ணுக்கு ஒரு கண் சற்று விலகியிருந்தது. அவள் நேராகப் பார்க்கும்போதும் அது வேறெங்கோ பார்த்தது. அவளுக்குப் பின்னால் வந்தவன் கணக்குப் போடும்போது கூரை உத்தரத்தைப் பார்த்து யோசிக்கிறவன். விசாரணையிலேயே அவன் உத்தரத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

அனந்தராமன் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகக் காது கொடுத்தார். ஆள் வெளியே போனதும், "எல்லாரும் ஒரு காரணம் வச்சுண்டுதான் வருவா" என்பார். எதிரே சுவரில் அந்தக் கோடு அணைக்கப்படாமல் இருந்தது. அஃப்ராவும் அதைப் பார்த்துக்கொள்வாள். அந்த ஐந்து சதவீதத்தில் இவர்கள் இருக்கலாம், ஆனால் அத்தனை பேருமா இருக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் தமிழ்நிலா வந்தாள். ஒல்லியான பெண். இஸ்திரி போட்ட பள்ளிச் சுடிதார்தான், ஆனால் பேட்ஜைக் கழற்றின இடத்தில் துணி நிறம் மாறாமல் இருந்தது. கூடவே அவளுடைய அம்மா முனியம்மாள், உள்ளே விடமாட்டார்கள் என்ற பயத்தில் மகளின் முழங்கையைப் பிடித்தபடியே வந்தார். கூவத்தோரம் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த குடும்பம். வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். முனியம்மாள் இன்னும் பழைய இடத்துக்கே பஸ் ஏறி வந்து மீன் கழுவி வெட்டிக்கொடுக்கிறார். இதெல்லாம் அனந்தராமன் கேட்ட முதல் இரண்டு கேள்விகளிலேயே தெரிந்துவிட்டது.

"நீ குற்றத்தை மறுத்திருக்கே. விசாரணை கேட்டிருக்கே. சரிதானே?" என்றார் அனந்தராமன்.

தமிழ்நிலா தலையைக் குனிந்தாள். "இல்ல சார். நான் பண்ணேன்."

"என்ன பண்ணே?"

"காப்பி அட்ச்சேன் சார். மடில பேப்பர் வச்சிக்கினு பாத்து எழுதுனேன். மன்னிச்சிடுங்க சார்."

ஒப்பித்த மாதிரி இருந்தது. முனியம்மாள் மகளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். "சின்னப் பொண்ணு சார். இந்த ஒரு வருசம் போனாப் போட்டும். மூணு வருசம்லாம் போட்டுடாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

குருபிரசாத் அஃப்ராவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பார்த்தீர்களா என்ற ஆட்டல். அனந்தராமன் பேனாவைத் திறந்தார்.

அவள் தேர்வு எழுதிய வீடியோவை அதற்குள் சுவரில் திறந்து வைத்திருந்தார்கள். "போட்டது போட்டோம், ஓட விடுங்க" என்றாள் அஃப்ரா. பெரிதாக யோசித்துச் சொல்லவில்லை.

ஒரு சின்ன அறை. சுவரில் சாய்த்து வைத்த பாய். கடன் வாங்கிய மடிக்கணினியின் முன்னால் தமிழ்நிலா. தேர்வு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் மேலே பார்க்கிறாள். மறுபடி மேலே பார்க்கிறாள். எழுதுகிறாள், மேலே பார்க்கிறாள், கையால் கணினியின் மேல் எதையோ துடைக்கிறாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மேல் வீட்டுக் குளியலறை. சொட்டு சரியாக விசைப்பலகையின் மேலேயே விழுகிறது. அவள் துப்பட்டாவைக் கழற்றிக் கணினிக்குக் குடையாகப் பிடிக்கிறாள். பிறகு கணினியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, காலால் நாற்காலியைத் தள்ளி, மறுபக்கம் போய் உட்காருகிறாள். எழும்போது கணினி கீழ்நோக்கிச் சாய்ந்ததில் அவள் மடி முழுசாகக் கேமராவில் தெரிந்தது. மடியில் ஒன்றும் இல்லை. தரையிலும் எதுவும் விழவில்லை. ஈரம்தான் இருந்தது.

குருபிரசாத் வீடியோவை நிறுத்தினான்.

"திரும்ப ஓட விடுங்க" என்றாள் அஃப்ரா. திரும்ப ஓடியது. அதே வெற்று மடி.

"தமிழ்நிலா, மடில பேப்பர் எங்க இருந்துச்சு?"

"இருந்திச்சு மிஸ்."

"நீ எழுந்து நிக்கற. மடில ஒண்ணும் இல்லையேம்மா."

தமிழ்நிலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஒத்துக்கினேன் மிஸ். அப்பறம் ஏன் மிஸ் கேக்கறீங்க? ஒத்துக்கினா ஒரு வருசம்தானே? கீழ எல்லாரும் அப்டித்தான் சொன்னாங்க. இல்லன்னு சொன்னவங்கள யாரையும் வுடலியாமே."

முனியம்மாள் எழுந்துவிட்டார். "நாந்தாம்மா சொல்லச் சொன்னேன். அது முடியாதுன்னுச்சு. நாந்தான் அடிச்சிக் கூட்டியாந்தேன். அது மேல ஒண்ணும் இல்ல. அந்த வீட்ல ஒரே தண்ணி கீது, நான் இன்னா பண்ண?"

அனந்தராமன் பேனாவை மூடினார். "வெளில உட்காருங்கோம்மா. கூப்பிடறோம்." அவருடைய பேச்சில் அவசரம் வந்ததை அப்போதுதான் அஃப்ரா முதல் தடவை கேட்டாள்.

கதவு மூடியதும் அஃப்ரா நாற்காலியில் சாய்ந்தாள். ஒத்துக்கொண்டவர்கள் அறுநூறு பேர் என்ற நினைப்பில்தானே காலையில் வந்த சந்தேகத்தை விழுங்கினாள். அந்த அறுநூறும் இந்த மாதிரி என்றால்? சாட்சி என்று நினைத்தது சாட்சியே இல்லை. மிச்சம் இருப்பது அந்தக் கோடு ஒன்றுதான். அவள் கோட்டைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, இத்தனை நேரம் தான் அதை வாசிக்கவே இல்லை, வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

"குருபிரசாத், இந்தக் கோடு வரைய எத்தனை வீடியோ எடுத்தீங்க?"

"ஆயிரம் மேடம். நாங்களே ஆளுங்களை வச்சு எடுத்தோம். ஐநூறு பேர் காப்பி அடிக்கற மாதிரி, ஐநூறு பேர் நேர்மையா."

"பாதிக்குப் பாதி."

"ஆமாம். சமமா இருந்தாத்தானே நல்லாக் கத்துக்கும்?"

"கத்துக்கறதுக்குச் சரி. தேர்வு எழுதின நாப்பதாயிரத்துல எத்தனை பேர் காப்பி அடிச்சிருப்பாங்கன்னு நினைக்கறீங்க?" அவள் அனந்தராமன் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க பதிவாளரா இருந்தப்ப, ஹால்ல வச்சு நடத்தின காலத்துல எவ்வளவு மாட்டும்?"

"ஆயிரத்துக்கு ஒண்ணு, ரெண்டு. அதுவே அதிகம்."

"வீட்டுல எழுதறதால கூட இருக்கும்னு வைங்க. நாப்பதாயிரத்துக்கு நூறு திருடன்னு வைங்க சார். தாராளமாத்தான் வைக்கறேன்."

அவள் எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனாள். பேனா மையில்லாமல் கீச்சிட்டது, வேறொன்றை எடுத்தாள். "நூறு திருடன்ல தொண்ணூறு சதவீதம் மாட்டுவாங்க. தொண்ணூறு பேர். மிச்சம் முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் நேர்மையானவங்க. அதுல அஞ்சு சதவீதம் தப்பா மாட்டும்னு சொன்னீங்க. அது எவ்வளவு?"

குருபிரசாத் மனக்கணக்காகப் போட்டான். போட்டதைக் கணினியிலும் தட்டிச் சரிபார்த்தான்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு" என்று அவளே எழுதினாள். "மொத்தம் மாட்டறது ரெண்டாயிரத்து எண்பத்தஞ்சு. அதுல உண்மைத் திருடன் தொண்ணூறு. இருபத்து மூணு பேரைப் பிடிச்சா ஒருத்தன்தான் சார் காப்பி அடிச்சவன். இருபத்திரண்டு பேர் அந்தப் பொண்ணு மாதிரி."

அனந்தராமனுக்கு முகம் வெளுத்தது. "இல்லையே. தொண்ணூத்தெட்டுன்னு..."

"அந்தத் தொண்ணூத்தெட்டு வேற சார். அதுக்கு அர்த்தம் இதுதான். ஒரு திருடனையும் ஒரு நேர்மையானவனையும் கண்ணை மூடிண்டு எடுத்து ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சா, திருடனுக்கு அதிக மதிப்பெண் விழுந்திருக்க நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாய்ப்பு. அவ்வளவுதான். மாட்டினவன் திருடனான்னு அது சொல்லவே இல்ல." பதற்றத்தில் அவரைப் போலவே 'கண்ணை மூடிண்டு' என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

"ஆனா இங்க அஞ்சு சதவீதம்னா கொஞ்சமாத்தானே தெரியறது?" அவர் எழுந்து போய்ச் சுவரில் விழுந்த கோட்டைத் தொட்டே காட்டினார். அந்தப் புள்ளி இடது ஓரத்தை ஒட்டி, இருக்கிற இடமே தெரியாமல் இருந்தது.

"அதுதான் சார் இதுல ஏமாறுற இடம். இந்த அச்சு நேர்மையானவங்களை மட்டும் தனியா வச்சுச் சதவீதம் போடுது. அந்த அச்சு திருடங்களை மட்டும் தனியா வச்சுச் சதவீதம் போடுது. நேர்மையானவங்க ஐநூறு பேரோ நாப்பதாயிரம் பேரோ, கோடு நகராது. அதே கோடு, அதே பரப்பு. ரெண்டு பக்கமும் ஆளுங்க ஏறக்குறைய சமமா இருந்தா பரவால்ல. ஒரு பக்கம் நூறு, இன்னொரு பக்கம் நாப்பதாயிரம்னா, இந்த இத்துனூண்டு இடத்துல ரெண்டாயிரம் பேர் நிக்கறாங்க." அவள் நிறுத்தினாள். சொல்லிக்கொண்டே இருக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டிருந்தது. அது முன்னதைவிட மோசம். "சார்... ஒருத்தர்கூட காப்பி அடிக்கலைன்னு வைங்க. நாப்பதாயிரம் பேரும் யோக்கியம். அப்பவும் இது எத்தனை பேரைப் பிடிச்சிருக்கும்?"

அனந்தராமன் பலகையைப் பார்த்தார். "ரெண்டாயிரம்."

"நமக்கு மாட்டினது?"

அவர் சுவரை விட்டு நகர்ந்தார். நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அத்தனை செய்தியும் என் கையெழுத்துல போனதும்மா" என்றார் கடைசியில். "என் பேரைப் போட்டுண்டு."

குருபிரசாத் எதிர்த்துச் சண்டை போடுவான் என்று அஃப்ரா எதிர்பார்த்தாள். அவன் கணினியில் எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தான். "வரம்பை ஏத்திடலாம் மேடம். ரொம்பக் கடுமையா வச்சா?"

"வச்சுப் பாருங்க."

கோட்டின் இடது கோடியைப் பெரிதாக்கினான். தூரத்திலிருந்து வழவழவென்று இருந்த கோடு, கிட்டத்தில் படிக்கட்டாக இருந்தது. வலப்பக்கம் நகரும் ஒவ்வொரு படியும் தவறாக மாட்டிய ஒரு நேர்மையானவன். முதல் படி, ஐநூறில் ஒன்று. அங்கே திருடர்களில் பாதிப் பேர்தான் மாட்டுகிறார்கள்.

"ஐநூறில் ஒண்ணுன்னா நாப்பதாயிரத்துக்கு எண்பது" என்று அவனே சொன்னான். "திருடன்ல அம்பது பேர் மாட்டுவாங்க, கூடவே எண்பது அப்பாவி. அப்பவும் பாதிக்கு மேல தப்பு." கொஞ்சம் பொறுத்து, "அந்த முதல் படிக்கும் முன்னாடி போயிட்டா? ஒருத்தர்கூட தப்பா மாட்டாத இடம் இருக்கே?"

"ஐநூறு பேர்ல ஒருத்தர்கூட மாட்டலைங்கறதால நாப்பதாயிரத்துல மாட்டாதுன்னு எப்படிச் சொல்வீங்க? இருநூறு பேர்கூட மாட்டலாம். அதைப் பார்க்கற அளவுக்கு உங்ககிட்ட ஆளே இல்ல. நமக்கு எந்த இடம் முக்கியமோ, அந்த இடத்துல இந்தக் கோட்டுக்குக் கண்ணு தெரியல."

அவன் வேறொரு படம் போட்டான். அவள் கேட்காமலேயே போட்டான். கல்லூரியில் படித்தது ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். இந்த முறை ஓர் அச்சில் திருடர்களில் எத்தனை சதவீதம் மாட்டினார்கள் என்பது. இன்னொன்றில், மாட்டினவர்களில் எத்தனை சதவீதம் உண்மைத் திருடர்கள் என்பது. முதலில் பாதிக்குப் பாதி ஆயிரம் பேரை வைத்து வரைந்தான். கோடு உச்சியிலேயே நின்றது. பிறகு நாற்பதாயிரத்துக்கு நூறு என்று விகிதத்தை மாற்றி அழுத்தினான். கோடு சரிந்தது. அவர்கள் வைத்திருந்த வரம்பில் அது தரையோடு தரையாகக் கிடந்தது.

"நாங்க இதைப் போட்டே பார்க்கல" என்றான் குருபிரசாத். "எல்லா இடத்துலயும் அந்த ஒரு நம்பரைத்தான் மேடம் கேக்கறாங்க. டெண்டர்ல அதைத்தான் கேட்டாங்க. என் தங்கையும் இந்தத் தேர்வு எழுதினா. அவளுக்குச் செய்தி வரல. வந்திருந்தா, நானே அவளைத்தான் திட்டியிருப்பேன்."

அன்றைக்கு விசாரணை அதோடு நின்றது. வெளியே காத்திருந்தவர்களிடம் அனந்தராமனே போய், வீட்டுக்குப் போகும்படிச் சொன்னார். முனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒரு வருசம்தானே சார்?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா. ஒரு நாள்கூட இல்லை" என்றார் அவர். முனியம்மாளுக்கு அது விளங்கவில்லை. ஒரு வருடத்தோடு விட்டுவிடுவதாக உறுதி சொல்லட்டும் என்றே நின்றார்.

பல்கலைக்கழகம் உடனே இறங்கி வந்துவிடவில்லை. அடையாற்றில் நடந்த கூட்டத்தில், மறுத்தவர்கள் வழக்கை மட்டும் மறுபடி பார்க்கலாம், ஒத்துக்கொண்டவர்கள் ஒத்துக்கொண்டவர்களே என்றார்கள். அஃப்ரா பேச வாயெடுக்கும் முன்னால் அனந்தராமன் எழுந்தார். "மூணு வருஷக் கத்தியைக் கழுத்துல வச்சுண்டு ஒத்துக்கோன்னா, நானே ஒத்துண்டிருப்பேன். அவாளையும் பார்க்காட்டா, தப்பா செய்தி அனுப்பினது நான்தான்னு பேப்பர்ல நானே எழுதறேன்." அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்களைக் கூட்டி, மாட்டியவர்களின் வீடியோ அத்தனையும் மனிதக் கண்களால் பார்க்கப்பட்டது. மென்பொருளின் மதிப்பெண்ணை மறைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது அஃப்ராவின் நிபந்தனை. ஒரு வீடியோவை இரண்டு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல். நீள அறையில் மின்விசிறிகள் சுழல, காதில் கேட்பொறி மாட்டிக்கொண்டு ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். தும்முகிறவர்கள், குழந்தையை மடியில் வைத்து எழுதினவர்கள், மின்சாரம் போய் இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தைத் தேடினவர்கள், வாய்க்குள்ளேயே சாமி பேர் முணுமுணுத்தவர்கள். நடுநடுவே உண்மையிலேயே காப்பி அடித்தவனும் வந்தான். கேமராவுக்குப் பின்னால் யாரோ கையால் விடை காட்ட, சிரித்துக்கொண்டே எழுதினான்.

கடைசியில் குருபிரசாத்தான் முடிவைத் தொகுத்தான். அஃப்ராவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். உண்மையில் ஆதாரத்தோடு நின்றவர்கள் எழுபத்தொன்று. அது அவள் போட்ட கணக்கை ஒட்டித்தான் இருந்தது. அதனால் அவள் அதிரவில்லை. அவன் அடுத்ததைச் சொன்னான்.

"ஒத்துக்கிட்ட அறுநூறு சொச்சத்துல எத்தனை பேர் தெரியுமா மேடம்? பத்தொன்பது."

அவளுக்கு முதலில் சரியாகப் புரியவில்லை. "பத்தொன்பது பேர் செய்யலையா?"

"இல்ல மேடம். பத்தொன்பது பேர்தான் செஞ்சாங்க."

அஃப்ரா ஜன்னலருகே போய் நின்றாள். கணக்கைப் பலகையில் எழுதியது அவள்தான். இருபத்து மூன்றுக்கு ஒன்று என்றும் அவளே சொன்னாள். ஆனாலும் அறுநூறு பிள்ளைகள், அறுநூறு வீடுகளில், தாங்கள் செய்யாத ஒன்றைச் செய்தோம் என்று தங்கள் விரலாலேயே அழுத்தியிருக்கிறார்கள் என்பது பலகையில் இல்லை. அப்பா பக்கத்தில் நின்று அழுத்தச் சொல்லியிருப்பார். சிலரை வீட்டிலேயே நம்பியிருக்க மாட்டார்கள். அவளுடைய மகளாக இருந்து, அந்தத் தொண்ணூற்றெட்டைக் காட்டியிருந்தால், அவளே மகளை நம்பியிருப்பாளா? நம்பியிருக்க மாட்டாள்.

ரத்துகள் நீக்கப்பட்டன. மன்னிப்புச் செய்தி போனது. இந்த முறை அனந்தராமன் அதைத் தன் கையாலேயே எழுதினார். சேர்க்கை தொடங்கியது. தமிழ்நிலாவுக்கு நல்ல இடம் வந்திருந்தது, ஆனால் அவள் வரவில்லை. கைப்பேசியில் கூப்பிட்டால் முனியம்மாள் எடுத்தார். "அது வேலைக்குப் போயிட்சிம்மா. உஸ்மான் ரோட்ல துணிக்கடை. காலைல போனா ராத்திரிதான் வரும். செய்தி கிய்தி எதுவும் நாங்க இப்ப பாக்கறதில்ல. பாத்தா பகீர்ங்குது."

அன்று மாலையே அஃப்ரா அந்தக் கடைக்குப் போனாள். தலையணை உறை, படுக்கை விரிப்பு விற்கும் மூன்றாவது மாடி. தமிழ்நிலா கடைச் சீருடைச் சேலையில், ஒரு குடும்பத்துக்கு விரிப்பை உதறிக் காட்டிக்கொண்டிருந்தாள். அஃப்ராவைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"மிஸ், நான் எதுவும் பண்ணல மிஸ்."

"தெரியும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன். உன் பேர்ல எதுவும் இல்ல. உனக்கு இடம் வந்திருக்கு. நாளைக்குள்ள சேரணும்."

தமிழ்நிலா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். அவள் விரிப்பை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அப்ப நான் காப்பி அட்ச்சேன்னு சொன்னது பொய்னு அவுங்களுக்குத் தெரிஞ்சிபோச்சா மிஸ்?"

"தெரிஞ்சுது."

"குழு முன்னாடி பொய் சொன்னதுக்குத் தனியா எத்தினி வருசம் போடுவாங்க?"

விரிப்பு வாங்க வந்த அம்மாள் விலை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பயந்து, தயாராகி, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"போட மாட்டாங்க" என்றாள் அஃப்ரா. தமிழ்நிலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "யாரும் எதுவும் போட மாட்டாங்க. தப்பு எங்களுது. நீ அங்க வந்து ஒண்ணுமே சொல்ல வேண்டாம். நான் கூட வரேன்."

"நெசமாவா?"

"நெசமா."

தமிழ்நிலா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. பிறகு மேற்பார்வையாளரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் கத்தினார், பண்டிகை நேரத்தில் பாதியில் போனால் திரும்ப எடுக்க மாட்டேன் என்பது மாடிப்படி வரை கேட்டது. அவள் பதில் பேசாமல் சீருடையை மாற்றிக்கொள்ள உள்ளே போனாள். அஃப்ரா படியருகே நின்று, கைப்பேசியை எடுத்து முனியம்மாளை அழைத்தாள்.